சங்காயம், ஆவுளியா, சுறா: மடிக்கும் வலைக்கும் தூண்டிலுக்கும் ஒரு கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

1952-ஆம் ஆண்டு நம் கடலின் வரலாற்றில் முக்கியமான ஆண்டு. அந்த அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரை பகுதி மீனவக் கிராமங்களை முன்னேற்றுவதுதான் நோக்கம். குடிநீர், ஆஸ்பத்திரி, எஞ்சின் வைத்த சிறு படகு, ஐஸ் எல்லாம் திட்டத்தில் இருந்தன. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே 1952-இல்தான் ஜப்பானியக் கப்பல்கள் சூரை பிடிக்க நீண்ட தூண்டில் கயிறுகளோடு இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தன. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தொடங்கியவை. அறுபத்தைந்து வருஷம் கழித்து, பாக் விரிகுடாக் கரையில் ஒரு விண்ணப்பப் படிவத்தில் இரண்டும் சந்தித்துக்கொண்டன. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முதலில் மடி. நார்வேக்காரர்கள் வந்தபோது இறாலுக்குப் பெரிய மதிப்பில்லை. கேரளத்தில் மிஞ்சிய இறாலைத் தென்னைக்கு உரமாகப் போட்டார்கள். 1953-இல் உறைய வைத்த இறால் கொச்சியிலிருந்து அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியதும் கதை மாறியது. 1960-களில் இறாலுக்காகவே படகு கட்டினார்கள். அரசும் கடனும் மானியமும் கொடுத்து இழுவை மடியைப் பரப்பியது. நார்வே திட்டத்தின் ஒரு நிலையம் அந்த ஆண்டுகளில் நம் மண்டபத்துக்கும் வந்தது. மன்னாரிலும் பாக் விரிகுடாவிலும் பாய் விரித்த வத்தையும் வள்ளமும் ஓடிய தண்ணீரில் விசைப்படகு ஓடத் தொடங்கியது இப்படித்தான்.

கரையில் நிற்பவர்களுக்கு மடி என்பது ஒரு பெரிய பை. தண்ணீருக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பின்னால் வரும் கணக்கு புரியும். பையின் வாயை விரித்துப் பிடிக்க இரு பக்கமும் இரண்டு கனமான பலகைகள். படகு நடக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக இழுக்க, தண்ணீரின் தள்ளலில் பலகைகள் விலகி வாய் திறந்தே இருக்கும். வாயின் கீழ் விளிம்பில் ஈயக்குண்டும் சங்கிலியும் தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். இறால் பகலில் சேற்றுக்குள் பதுங்குகிற உயிர். சங்கிலி சேற்றைக் கலக்கினால்தான் அது எழும்பும். எழும்பினால் பைக்குள் விழும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இறால் சின்னது. அதைப் பிடிக்க வேண்டுமானால் பையின் கண்ணும் சின்னதாக இருக்க வேண்டும். இறாலை விடாத கண், இறாலை விடப் பெரிய எதையும் விடாது. அந்தத் தண்ணீரில் இறாலோடு வாழும் காரல், நண்டுக் குஞ்சு, கணவாய்க் குஞ்சு, சங்கு, கடல்குதிரை, கடற்புல் எல்லாம் வந்துவிடும். சட்டத்தில் கண்ணின் அளவைப் பெரிதாக எழுதி வைத்தாலும் முழுத் தீர்வு கிடைக்காது. வழக்கமான வலைக்கண் சாய்சதுர வடிவம். பையில் எடை ஏறி இழுபடும்போது அந்தக் கண் நீளவாக்கில் இழுபட்டு மூடிக்கொள்ளும். துணிப்பையைத் தூக்கும்போது நெய்தல் இறுகுகிற மாதிரி. அதனால்தான் பையின் கடைசிப் பகுதியைச் சதுரக் கண்ணாகக் கட்டச் சொல்கிறார்கள். சதுரம் இழுத்தாலும் திறந்தே நிற்கும். செலவு ஒன்றும் பெரிதல்ல. ஆனால் சின்ன மீன் தப்பினால் வருமானமும் தப்புகிறது என்பது படகுக்காரரின் கணக்கு.

வெப்பமண்டலக் கடலில் ஒரு கிலோ இறாலுக்கு ஐந்து கிலோவோ அதற்கு மேலோ மற்றவை வருவது சாதாரணம். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கணக்கில், உலகத்தில் பிடித்துவிட்டுக் கடலிலேயே வீசப்படுகிற மீன் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன். அதில் ஏறக்குறையப் பாதி தரையைத் தேய்க்கும் மடிகளிலிருந்து வருவது.

இந்தக் கணக்கில் நம் ஊர் சரியாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் வீசுவதில்லையே! கழிவு மீனுக்கு நம் பக்கம் தனிப் பெயரே உண்டு, சங்காயம். முன்பு அதைத் திரும்பக் கடலில் தள்ளிவிடுவார்கள். பிறகு கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் அது தேவைப்பட்டது. விலை கிடைத்ததும் சங்காயமும் கரைக்கு வந்தது. ராமேசுவரம் மீன் விலைச் செய்திகளைப் பாருங்கள், இறால், நண்டு, கணவாய், காரலோடு சங்காயமும் ஒரு சரக்காக வரிசையில் நிற்கும். வீசப்பட்ட மீன் என்ற பட்டியலிலிருந்து அது வெளியேறிவிட்டது. ஆனால் அந்தக் குவியலைக் கையால் கிளறிப் பார்த்தால் பாதி நாளை பெரிதாக வேண்டிய குஞ்சுகள். புள்ளிவிவரத்தில் குறைந்தது கடலில் குறையவில்லை. இதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன், எதை எண்ணுகிறோம் என்று முதலில் கேள், அப்புறம் எவ்வளவு என்று கேள்.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 15 மீட்டருக்குள். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ராமேசுவரத்துக்கு நேரே சர்வதேச எல்லையோ மிகப் பக்கம். நடுவில் கிடைப்பது ஒரு சிறு பட்டை. 1970-களிலிருந்தே நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் மோதல். கடைசியில் வாரத்தைப் பங்கு போட்டார்கள், விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். சண்டைக்கு முக்கியக் காரணம் மீன் மட்டும் இல்லை, வலை. நாட்டுப்படகுக்காரர் மாலையில் போட்டு வைத்த வலையை இரவில் மடி வாரிக்கொண்டு போய்விடும். இலங்கையின் வடக்கில் 2009-க்குப் பிறகு மீண்டும் கடலுக்கு வந்த தமிழ் மீனவர்களின் குற்றச்சாட்டும் இதுவே. நம் படகுகள் வருகிற திங்கள், புதன், சனி இரவுகளில் அவர்களில் பலர் வலை போடாமல் வீட்டில் இருந்தார்கள். 2017-இல் இலங்கை தன் கடலில் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது.

அவர்கள் போடுகிற அந்த வலைதான் நம் இரண்டாவது ஆள், செவுள் வலை. சிலர் வழிவலை என்பார்கள். இது இழுக்கிற வலை இல்லை, நிற்கிற சுவர். மேலே மிதப்பு, கீழே ஈயம். மீன் தெரியாமல் வந்து தலையை நுழைக்கும். தலை போகும், உடம்பு போகாது. பின்வாங்கினால் செவுள் மூடி நூலில் மாட்டும். கண்ணை விடச் சிறிய மீன் புகுந்து போய்விடும், மிகப் பெரிய மீனுக்குத் தலையே நுழையாது. அதனால் செவுள் வலை மீனின் அளவைத் தேர்ந்தெடுக்கிறது. சங்காயம் அதில் அபூர்வம். தரையையும் கிளறுவதில்லை. மடியையும் இதையும் கிலோக் கணக்கில் ஒப்பிட்டால் செவுள் வலை நல்ல பிள்ளை.

ஆனால் அது தேர்ந்தெடுப்பது மீனை மட்டும்தான். நுழைகிற தலை இல்லாத உயிர்கள் வேறு விதமாகச் சிக்கும். ஆமையின் துடுப்புக் கால் சுற்றிக்கொள்ளும். ஓங்கிலின் வால் சுற்றும். கடற்பசு, நம் மக்கள் ஆவுளியா என்று சொல்லும் உயிர், கடற்புல் மேய வருகிற இடத்தில் சுவர் நிற்கும். இவை மூன்றும் நுரையீரலால் மூச்சு விடுபவை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆவுளியா மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் அது காயத்தால் சாவதில்லை, மூழ்கிச் சாகிறது.

இங்கே ஒரு வரலாற்று மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து வலை பருத்தி நூல். தடித்த நூல், தண்ணீரில் கண்ணுக்குத் தெரியும், வாரா வாரம் காயப்போட்டு மரப்பட்டைச் சாயம் ஏற்றாவிட்டால் இற்றுவிடும். அறுந்து போன பருத்தி வலை கொஞ்ச நாளில் மக்கும். 1960-களில் நைலான் பரவியது. அப்புறம் ஒற்றை இழையாக, கண்ணாடி போல் இருக்கும் தங்கூசி வலை. பராமரிப்பு மிச்சம், மீனும் கூடுதல். ஆனால் நீரில் அது தெரியாது. அறுந்தாலும் மக்காது. மடி கிழித்துவிட்டுப் போன செவுள் வலைத் துண்டு கடலில் யாருக்கும் சொந்தமில்லாமல் மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஆழ்கடலில் இந்த வலை கிலோமீட்டர் கணக்கில் நீளும். சூரைக்காக இந்தியப் பெருங்கடலில் போடும் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை ஓங்கில் முதலிய சிறு திமிங்கில இனங்கள் சுமார் 41 லட்சம் சிக்கியிருக்கும் என்று 2020-இல் ஓர் ஆய்வுக் குழு மதிப்பிட்டது. 2004–2006 காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். இது மதிப்பீடுதான், படகு படகாக எண்ணியது இல்லை. இந்த வலை அதிகம் போடும் நாடுகளில் ஈரான், இந்தோனேசியா, பாகிஸ்தானோடு இந்தியாவும் இலங்கையும் உண்டு. ஆகாயத்திலிருந்து பார்த்தால் தரையைக் கிளறாத, சேறு எழுப்பாத, சத்தமில்லாத வலை!

மூன்றாவது, தூண்டில். ஒரு தாய்க்கயிறு, அதிலிருந்து வரிசையாகத் தொங்கும் கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு தூண்டில் முள். ஆயிரங்கால் தூண்டில் என்பது பொருத்தமான பெயர். பெரிய கப்பல்கள் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான முள்களை இறக்குகின்றன. நம் மாநிலத்தில் இதில் கைதேர்ந்தவர்கள் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள். சுறா பிடிப்பதில் அவர்களுக்கு இணையில்லை. ஆகவே உடன்பிடிப்பு என்ற சொல்லையே நிதானமாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. சூரைக்காரருக்கு வேண்டாமல் சிக்கியது சுறா. தூத்தூர்க்காரருக்கு அதுவே தேடிப் போன மீன்.

தூண்டில் வாயின் அளவைத் தேர்ந்தெடுக்கிறது, பசியையும் தேர்ந்தெடுக்கிறது. குஞ்சு மீன் சிக்காது. தரைக்குச் சேதமில்லை. சிக்குவதெல்லாம் வேட்டையாடும் பெரிய உயிர்கள், சுறா, ஆமை, தென்கடலில் பறவை. ஆஸ்திரேலிய ஆய்வாளர் நைஜல் பிரதர்ஸ் 1991-இல் ஒரு கணக்குச் சொன்னார். ஜப்பானியச் சூரைத் தூண்டில்களில் தென்பெருங்கடலில் ஆண்டுக்கு 44,000 அல்பட்ராஸ் பறவைகள் மூழ்கிச் சாகின்றன என்று. இரை கட்டிய முள் தண்ணீரில் அமிழும் முன்பே பறவை பாய்ந்து கவ்விவிடும், பாரம் அதைக் கீழே இழுத்துவிடும். நம் வங்கக் கடலில் அல்பட்ராஸ் இல்லை. ஆனால் பங்குனி ஆமை உண்டு, ஆண்டுக்கு இரண்டே குட்டி ஈனும் நீள்வால் சுறா உண்டு.

இப்போது அந்தப் படிவத்துக்கு வருகிறேன். 2017-இல் மத்திய, மாநில அரசுகள் பாக் விரிகுடா விசைப்படகுகளுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தன. மடியைக் கைவிட்டால் ஆழ்கடல் படகு. படகின் விலை 80 லட்சம். மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலிருந்து 8 லட்சம். முதல் கட்டம் 500, மூன்று ஆண்டில் 2000 படகு என்றார்கள். நான் ஊரில் படிவம் நிரப்பித் தருகிற ஆள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர், இப்போது நாற்பது தாண்டியவர், ஒரு விசைப்படகுக்குச் சொந்தக்காரர், படிவத்தோடு வந்தார்.

"சார், மடி கடலைக் கெடுக்குதுன்னு சொல்றாங்க, சரி, ஒத்துக்கிறேன். இந்தப் படகுல போனா ஒண்ணும் சாகாதா?"

படகின் பெயரைப் படிவத்தில் பார்த்தேன். சூரை மீன்பிடி தூண்டில் மற்றும் செவுள் வலைப் படகு. இரண்டும் ஒரே தளத்தில்! நான் அவரிடம் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சாகும், ஆனால் வேறு உயிர்கள். மடியில் சாவது எண்ணிக்கையில் மிக அதிகம். அவற்றில் காரல் போன்றவை ஒரு வருஷத்துக்குள் முதிர்ந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுபவை. தரை கெடாமல் இருந்து, கொஞ்ச காலம் விட்டு வைத்தால் அவை திரும்பி வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் தடைக்காலம் வைத்திருப்பது இந்த நம்பிக்கையில்தான். செவுள் வலையிலும் தூண்டிலிலும் சாவது எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஓங்கில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு குட்டி. ஆவுளியா முதிரவே பத்து வருஷம் போல ஆகும், அப்புறம் சில வருஷத்துக்கு ஒரு குட்டி. அறுபத்தொரு நாள் தடை அவற்றுக்கு எதையும் ஈடுகட்டாது. அதனால் மூன்றையும் ஒரே தராசில் கிலோ போட்டு நிறுத்தால் மடி மட்டும் குற்றவாளியாகும். முதிரும் வருஷத்தைச் சேர்த்து நிறுத்தால் செவுள் வலை மேலே ஏறி வரும். என் அபிப்பிராயத்தில், கவனமாகப் போட்டால் மூன்றில் சேதம் குறைந்தது தூண்டில்தான். அந்தக் கவனம் என்னவென்று சொல்கிறேன்.

முள்ளின் வடிவம் முதலாவது. பழைய முள் ஆங்கில ஜே எழுத்துப் போல. ஆமை அதை விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ குத்தும். முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள் விழுங்கினாலும் வழுக்கிக்கொண்டு வந்து வாயோரத்தில்தான் மாட்டும், கழற்றி விடலாம். இரை இரண்டாவது. கணவாய் இரை ரப்பர் மாதிரி, ஆமை அதைப் பிய்க்க முடியாமல் முள்ளோடு விழுங்கும். மீன் இரையைக் கடித்துக் கடித்துப் பிய்த்துத் தின்னும், முள்ளை விட்டுவிடும். ஆழம் மூன்றாவது. ஆமைகள் பெரும்பாலும் மேல் நூறு மீட்டரில் திரிபவை, முள்ளை அதற்குக் கீழே இறக்கினால் சிக்குவது குறையும். கடைசியாகக் கிளைக்கயிற்றின் நுனி. இரும்புக் கம்பியாக இருந்தால் சுறா கடித்தும் அறுபடாது. நைலானாக இருந்தால் சுறா கடித்துக்கொண்டு போய்விடும். சுறா வேண்டும் என்பவர் கம்பி கட்டுவார். படகின் துறையில் நின்று கிளைக்கயிற்றைப் பார்த்தாலே அவர் எதற்குப் போகிறார் என்று தெரிந்துவிடும்.

செவுள் வலைக்கும் ஒரு வழி இருக்கிறது. பாகிஸ்தான் சூரைப் படகுகளில் வலையின் மேல் விளிம்பைக் கடல்மட்டத்தில் மிதக்க விடாமல் இரண்டு மீட்டர் கீழே தொங்கவிட்டுப் பார்த்தார்கள். ஓங்கில்கள் சிக்குவது நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தது. சூரையின் வரவு பெரிதாக அடிபடவில்லை. வேண்டியது மிதப்புக்கும் வலைக்கும் நடுவே இரண்டு மீட்டர் கயிறு, அவ்வளவே.

என் மாணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் போட்ட கணக்குக்கு என்னிடம் பதிலில்லை. "தூண்டிலுக்கு ஒவ்வொரு தடவையும் இரை வாங்கணும் சார். வலைக்கு இரை வேண்டாம். கடன் தவணை கழுத்தைப் பிடிச்சா எதை இறக்குவேன்னு நீங்களே சொல்லுங்க." அவர் ஆட்கள் ஒரே இரவில் போய்த் திரும்புபவர்கள், அந்தப் படகோ நாள்கணக்கில் வெளியே தங்க வேண்டியது. சூரையைக் கெடாமல் கொண்டுவந்தால்தான் விலை, அந்தக் கைப்பழக்கமும் இங்கே இல்லை. திட்டம் தன் இலக்கைத் தொடவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக அரசு அறிவித்தது. அந்தத் தண்ணீரில் செவுள் வலை போடும் நாட்டுப்படகுகள் இன்றும் உண்டு. வலையில் ஆவுளியா சிக்கியதைப் பார்த்து, சொந்த வலையை அறுத்து அதை விட்ட மீனவர்களும் உண்டு, அவர்களுக்கு அரசு ஊக்கத்தொகையும் கொடுத்திருக்கிறது. அப்படி விட முடிவது, வலையைப் போட்டுவிட்டு ஆள் பக்கத்திலேயே காத்திருக்கும்போது மட்டும்தான். மாலையில் போட்டுவிட்டு விடியலில் எடுக்கப் போனால் பிணம்தான் கிடைக்கும்.

அந்தப் படிவத்தை அவர் கொடுக்கவில்லை. திங்கள், புதன், சனி மடியோடு போய் வருகிறார்.